சாட்ஸ்வொர்த் வீட்டை விற்கும் முன்: லைஃப் ரைட் கணக்கு

[திரையில்: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சரிவான தெரு, வாசலுக்குப் பல படிகள்]

பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார்கள். தாத்தாவுக்கு முழங்கால் வலி, ஆயாவுக்குக் கண் மங்கல். இந்தப் படிகளைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது, "வீட்டை வித்துட்டு ரிடையர்மெண்ட் வில்லேஜுக்குப் போயிடுங்க." சரி, போகலாம். ஆனால் அங்கே என்ன வாங்குகிறீர்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இத்தகைய பல இடங்களில் விற்பது வீட்டை அல்ல, 'லைஃப் ரைட்'டை. கணவன், மனைவி இருவரும் இறக்கும் வரை அங்கே குடியிருக்கும் உரிமை அது. வீடு உங்கள் பெயருக்கு வராது. 50 வயது நிறைந்தவர்களுக்கான இந்தத் திட்டங்களுக்கு 1988-இல் தனிச் சட்டமே வந்தது.

[திரையில்: காகிதத்தில் எழுதிய கணக்கு]

ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். 12 லட்சம் ரேண்ட் கொடுத்துச் சேர்கிறார்கள். காலி செய்யும்போது கட்டிய தொகையில் 80 சதவீதம் திரும்ப வரும் என்கிறது ஒப்பந்தம். 15 ஆண்டு கழித்து அந்த வீடு 25 லட்சத்துக்குப் போனாலும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது 9 லட்சத்து 60 ஆயிரம்தான். விலை ஏறிய லாபம் வில்லேஜுக்கு. பல ஒப்பந்தங்களில் அந்தத் தொகையும் அடுத்த ஆள் வாங்கிய பிறகுதான் வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வில்லேஜின் பொதுச் செலவுக்காக மாதாமாதம் கட்டும் லெவி. இன்று 7,000 ரேண்ட், ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதே ஆண்டில் 14,000 ஆகிவிடும். இருவரின் வருமானம் இன்று 18,000, அது 5 சதவீதம்தான் ஏறுகிறது என்றால் அப்போது சுமார் 28,000. இன்று வருமானத்தில் 39 சதவீதத்தை எடுக்கும் லெவி அன்று பாதியை எடுத்துக்கொள்ளும். படுக்கையில் விழுந்தால் ஆகும் பராமரிப்புச் செலவு பெரும்பாலும் தனி.

வீட்டிலேயே இருந்தாலும் செலவு உண்டு. குளியலறையில் கைப்பிடி, படிக்குப் பதில் சாய்தளம், இரும்புக் கேட், பகலில் ஓர் உதவியாள். ஆனால் உதவியாளுக்கான செலவு தேவைப்படும்போதுதான் வரும், வீடும் உங்கள் பெயரிலேயே இருக்கும். பின்கட்டு அறையை வாடகைக்கு விட்டால் கொஞ்சம் ஈடாகும். சரிவு மிகவும் செங்குத்தாக இருந்து சாய்தளம் போட இடமே இல்லையென்றால் மட்டும் நான் போகச் சொல்வேன். படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவசரத்தில் வீட்டை விற்பது இதைவிட மோசம்.

[திரையில்: ஒப்பந்தத்தின் பக்கங்கள்]

போவதென்று முடிவானால், கையெழுத்துக்கு முன் கடந்த ஐந்து ஆண்டு லெவித் தொகைகளைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், பணம் எத்தனை மாதத்துக்குள் திரும்பும், அதுவரை காலி வீட்டுக்கும் லெவி கட்ட வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். இருவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயா தினமும் விளக்கேற்றுபவர் என்றால், அறைக்குள் விளக்கும் சூடமும் அனுமதிப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.