ஒரு சின்ன கரெக்ஷன்தானே

வணக்கம். தனியா வீடியோ வேலை எடுத்து செய்றவங்க கொட்டேஷன் எப்படி போடணும்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. நான் ஒரே ஒரு வேலையை எடுத்து கணக்கு போட்டுக் காட்டுறேன், காசுல இல்ல, மணி நேரத்துல. உங்க மணி நேரத்துக்கு என்ன ரேட்டுங்கறத நீங்க பெருக்கிக்கோங்க.

ஒரு கம்பெனியைப் பத்தி ரெண்டு நிமிஷ வீடியோ. முதலாளி ஒரு பேட்டி, வேலை நடக்குற காட்சிகள், பின்னாடி மியூசிக், கீழ சப்டைட்டில், அவ்வளவுதான். கஸ்டமர் போன்ல சொல்றது "ஒரு நாள் ஷூட்டிங்தாங்க, ரெண்டு நிமிஷம்தானே". சரி, பாப்போம். ஷூட்டுக்கு முன்னாடி பேசி, கேள்வி எழுதி, இடம் பாக்குறதுக்கு 4 மணி நேரம். ஷூட்டிங் நாள் 10 மணி நேரம், லைட்டு போடுறதும் சாமான் கட்டுறதும் சேர்த்துத்தான், கேமரா ஓடுற நேரம் மட்டும் இல்ல. எடுத்தத ரெண்டு டிஸ்க்குல காப்பி பண்ணி, பாத்து, எது நல்ல டேக்னு குறிச்சுக்க 2. காட்சிகள வெட்டி வரிசைப்படுத்தி முதல் தடவை காட்டுற வடிவம், அதாவது முதல் கட்டு, அதுக்கு 16. கலர், சவுண்டு, சப்டைட்டிலுக்கு 6. கரெக்ஷன் ரெண்டு ரவுண்டு, ரவுண்டுக்கு 3 வச்சா 6. கூட்டிப் பாருங்க, 44 மணி நேரம். கஸ்டமர் கண்ணுல படுறது அந்த 10 மட்டும்தான், மிச்சம் 34 அவருக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் மொத்தமா ஒரு தொகைய மட்டும் எழுதாம வரி வரியா பிரிச்சு எழுதுங்கன்னு சொல்றேன். பேரம் பேசினாலும் எந்த வரிய குறைக்கிறதுன்னு பேசலாம், உதாரணமா ஒரு ரவுண்டு கரெக்ஷன எடுத்துடலாம். மொத்தத்துல கைவச்சா உங்க தூக்கத்துலதான் குறையும். அரை நாள் ஷூட்டுன்னாலும் பாதி விலை வராதுங்க, ஏன்னா அன்னைக்கு வேற வேலைய நீங்க ஒத்துக்க முடியாது.

இப்போ நமக்குப் பிடிச்ச சப்ஜெக்டுக்கு வருவோம், கரெக்ஷன். ஒரு வேலையில முதல் கட்ட அனுப்பினேன். முதலாளி காலைல ஒரு லிஸ்ட் அனுப்புறார், மதியம் அவங்க மார்க்கெட்டிங் ஆள் மியூசிக்க ஏத்தச் சொல்றார், ராத்திரி பார்ட்னர் வாய்ஸ் நோட்டுல அதே மியூசிக்க இறக்கச் சொல்றார். இது ஒரு ரவுண்டா மூணு ரவுண்டா? கொட்டேஷன்ல "2 ரவுண்டு கரெக்ஷன்"னு மட்டும் எழுதியிருந்தா இதுக்குப் பதில் கிடையாது. நல்லவேளை அதுல ரவுண்டுன்னா என்னன்னு எழுதியிருந்துச்சு: அவங்க பக்கத்துல ஒரே ஆள், எல்லார் கருத்தையும் சேர்த்து ஒரே லிஸ்ட், எத்தனாவது நிமிஷம் எத்தனாவது செகண்டுன்னு குறிச்சு, கட்டு கைக்கு வந்து 7 நாளைக்குள்ள. அந்த வரிய திருப்பி அனுப்பினேன், மூணு பேரும் அவங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு ஒரே லிஸ்டா அனுப்பினாங்க.

இன்னொன்னு, எடிட்டிங்ல ஒரு கட்டத்துல காட்சி வரிசை ஓகேன்னு எழுத்துல வாங்கணும், பிக்சர் லாக்னு சொல்வோம். அதுக்கப்புறம்தான் கலரும் சவுண்டும். லாக் ஆன பிறகு "பேட்டில அந்த ஒரு வாக்கியத்த மட்டும் எடுத்துடுங்க, 5 செகண்டுதானே"ம்பாங்க. எடுத்தா முகம் வெட்டித் துள்ளும், அத மறைக்க வேற காட்சி தேடணும், அதுக்கு கலர் பண்ணணும், மியூசிக் தாளம் தவறும், சப்டைட்டில் எல்லாம் நகரும், திரும்ப எக்ஸ்போர்ட், திரும்ப முழுசா பாக்கணும். அரை நாள் போயிடும். பூச்சு முடிஞ்ச வீட்டுல ஜன்னல ரெண்டடி தள்ளி வைக்கச் சொல்ற மாதிரி. அதனால லாக்குக்குப் பிறகு மணி நேரக் கூலின்னு ஒரு வரி. புதுசா ஒரு ஆளப் பேட்டி எடுக்கணும்னா அது கரெக்ஷனே இல்ல, புது வேலை, புது கொட்டேஷன். ரவுண்டுன்னா ஒரே ஆள், ஒரே லிஸ்ட், திரும்பவும் சொல்றேன்.

ஐயோ, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, யூசேஜ் ரைட்ஸ இன்னும் தொடவே இல்ல. வேகமா சொல்லிடுறேன். வீடியோ எங்க ஓடும், எந்த நாட்டுல, எவ்வளவு நாள், இந்த மூணும் எழுதணும். "சொந்த வெப்சைட், சொந்த சோஷியல் மீடியா பக்கம், இன்ன நாட்டுல, 1 வருஷம்; காசு கட்டி ஓட்டுற விளம்பரம், டிவி இதுக்கெல்லாம் தனிக் கட்டணம்"னு ஒரு வரி போதும். எழுதலைன்னா, சில நாட்டுச் சட்டத்துல காசு கொடுத்து எடுக்கச் சொன்னவங்க கைக்கே உரிமை போயிடும். மியூசிக்குக்கு நீங்க வாங்குற லைசென்ஸ் வெப்சைட்டுக்கு மட்டும்னு இருக்கலாம், அத டிவில போட்டா அவங்களும் மாட்டுவாங்க நீங்களும் மாட்டுவீங்க. திரையில வர்றவங்ககிட்ட வாங்குற கையெழுத்தும் அப்படித்தான், அந்தத் தாள்ல விளம்பரம்னு இருக்கான்னு பாத்துக்கோங்க. எடிட் பண்ணாத புட்டேஜும் ப்ராஜெக்ட் பைலும் விலைல சேராதுன்னு எழுதிடுங்க, வேணும்னா தனி ரேட்டு. அட்வான்ஸ் பத்தி... சரி, முடிஞ்சுதாம். நன்றி, வணக்கம்.