மோனை சேராத பெயர்

நண்பர்களே, வணக்கம்.

மாயக்கதை எழுதுகிறவர்கள் டிராகனுக்கோ யாளிக்கோ பெயர் வைக்கும்போது, அதன்மேல் ஏறிப் போகிற வீரனின் பெயரோடு ஒத்துப் போகிற மாதிரியே வைக்கிறார்கள். வீரன் வேந்தன் என்றால் விலங்கு வேங்கை. வீரன் மாறன் என்றால் விலங்கு மாயன். கேட்க அழகாக இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் வாசகருக்கு யார் யாரென்று தெரியாமல் போகிறது. இது ஏன் நடக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் இன்றைக்குப் பார்ப்போம்.

ஏன் இப்படி வைக்கிறோம்? நம் காது அப்படிப் பழகியிருக்கிறது. முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. செய்யுள் படிக்காதவர்கூட பழமொழியிலும் மேடைப் பேச்சிலும் அதைக் கேட்டே வளர்கிறார். இரண்டு பெயரைச் சேர்த்து யோசித்தால் மனம் தானாகவே மோனை தேடும். செய்யுளில் மோனைக்கு வேலை இருக்கிறது. அது இரண்டு சீர்களை ஒன்றாகக் கட்டுகிறது. ஆனால் கதையில் பெயருக்கு நேர் எதிரான வேலை. அங்கே பெயர் இருவரைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

நம் பழைய இலக்கியத்திலேயே ஏறுபவனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் இருந்த இடம் ஒன்று உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வள்ளல்களைச் சொல்லி வரும்போது, 'காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரியும்' என்கிறார் நத்தத்தனார். காரியின் குதிரை காரி, ஓரியின் குதிரை ஓரி. போதாததற்குக் காரியும் ஓரியும் தங்களுக்குள்ளேயே எதுகை. நான்கு உயிர்கள் ஒரு போர்க்களத்தில் நிற்கின்றன, அத்தனை பெயரும் 'ரி' என்று முடிகின்றன. ஆனாலும் நாம் குழம்புவதில்லை. புலவர் 'குதிரை' என்ற சொல்லை நடுவில் வைத்துவிட்டார். அதோடு, இரண்டு அடியில் விஷயம் முடிந்துவிடுகிறது. குதிரை தனியாக ஒன்றும் செய்வதில்லை. உங்கள் நாவலில் முந்நூறு பக்கத்துக்கும் 'டிராகன் காரி', 'வீரன் காரி' என்று எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

இப்போது தேசிங்கு ராஜன் கதைக்கு வாருங்கள். செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தான். அவன் கதையை மக்கள் பாட்டாகப் பாடி வந்தார்கள். அதில் அவன் குதிரை பாராசாரி. நண்பனின் குதிரை நீலவேணி. பாடிக் கேட்கிற கதையில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. காதில் விழுந்த நொடியிலேயே யார் என்று தெரிய வேண்டும். தேசிங்கு, பாராசாரி என்று சொல்லிப் பாருங்கள். முதலெழுத்து தே, பா. இரண்டாம் எழுத்து சி, ரா. ஒன்று மூக்கொலியோடு 'ங்கு' என்று குறுகி முடிகிறது. மற்றது மூன்று ஆகாரத்தை அடுக்கிக்கொண்டு 'ரி' என்று முடிகிறது. மோனையும் இல்லை, எதுகையும் இல்லை, நீளமும் வேறு. நீலவேணியும் அந்த இரண்டோடும் ஒட்டவில்லை. பெயர்களை யார் வைத்திருந்தாலும் சரி, பாட்டில் அவை நின்று வேலை செய்கின்றன.

நான் சொல்ல வந்ததே இதுதான். யாப்பில் படித்த மோனை எதுகை விதிகளைத் தலைகீழாகப் பிடியுங்கள். எந்த இரண்டு பெயர் மோனையாகவும் எதுகையாகவும் சேராதோ, அவையே ஏறுபவனுக்கும் விலங்குக்கும் ஏற்றவை. இலக்கணக்காரர்கள் மோனையில் இனங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ச, த ஓர் இனம். ஞ, ந ஓர் இனம். ம, வ ஓர் இனம். உயிர்களில் அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மற்றொன்று. முதலெழுத்து வேறாகிவிட்டதே என்று நினைத்து மாறனுக்கு வாகை என்று டிராகன் வைத்தால், காது அதை மோனையாகவே கேட்கும். அந்தப் பட்டியல் காதை நன்றாகக் கவனித்துச் செய்த பட்டியல். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். வீரன் பெயர் நிலவன். டிராகனுக்கு நீல நிறச் செதில், அதனால் நீலன் என்று வைக்கிறோம். பொருள் பொருந்துகிறது, ஓசையும் இனிக்கிறது. இப்போது ஒரு காட்சி:

'நிலவன் நீலனின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். நீலன் தலையைத் திருப்பிப் பார்த்தான். நிலவன் சேணத்தை இறுக்கினான். மேகம் கலைந்து எதிரியின் கப்பல்கள் தெரிந்ததும் வெறிகொண்டு கத்தினான்.'

கத்தியது யார்? தமிழில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவோம். வினைமுற்றின் விகுதியே ஆளைச் சொல்லும். டிராகனை அஃறிணையாக வைத்திருந்தால் 'கத்தியது' என்றதும் தெளிந்துவிடும். ஆனால் பேசுகிற, சிந்திக்கிற, கோபித்துக்கொள்கிற டிராகனை 'அது' என்று எழுத மனம் வராது. 'அவன்' என்று உயர்த்திய அந்தக் கணமே விகுதி தந்த உதவி போய்விடுகிறது. பிறகு எல்லாச் சுமையும் பெயரின்மேல் விழுகிறது. டிராகனைப் பெண்ணாக்கினால் கொஞ்சம் மூச்சு விடலாம்: பார்த்தாள், பார்த்தான் என்று பிரியும். வீரனும் டிராகனும் ஒரே பாலாக இருந்தால் பெயரில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

அடுத்தது வேற்றுமை. நிலவனுக்கு, நீலனுக்கு. நிலவனால், நீலனால். ஏற்கெனவே ஒத்த பெயர்களோடு ஒரே வால் சேர்ந்து, சொல்லில் பொதுப் பகுதி இன்னும் நீள்கிறது. விளியில் நிலைமை இன்னும் மோசம். போரின் நடுவில் டிராகன் கூப்பிடுகிறது: 'நிலவா!' வீரன் பதிலுக்குக் கூப்பிடுகிறான்: 'நீலா!' னகரத்தில் முடிகிற இரண்டு ஆண்பெயரும் விளியில் ஆகாரத்தில் போய் நிற்கின்றன. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் காட்ட வேண்டியதாகிறது. இகரத்தில் முடிந்த பெயர் விளியில் ஈகாரமாகும் என்று தொல்காப்பிய விளிமரபு சொல்கிறது. 'பாராசாரீ!' என்று கூப்பிட்டுப் பாருங்கள், நன்றாக நீண்டு ஒலிக்கும். ஆகவே ஒரு பெயர் 'ன்' என்று முடிந்தால் மற்றது வேறு எழுத்தில் முடியட்டும். மகர ஈறு வைத்தால் மட்டும் ஒன்றை யோசியுங்கள்: அது 'த்தை', 'த்துக்கு' என்று மாறும். மரத்தை, குளத்தை என்பதுபோல உங்கள் பாத்திரமும் ஒரு பொருளாக ஒலிக்கத் தொடங்கும்.

சரி, நீலனை மாற்றுவோம். வீரன் பெயரில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறோம். மெல்லினத்தில் தொடங்குகிறது, இகரம் வருகிறது, இரண்டாம் எழுத்து லகரம், முழுக்க மென்மையான ஓசை, 'ன்' என்று முடிகிறது. அப்படியானால் டிராகனுக்கு வல்லினத் தொடக்கம், வேறு உயிர்க்கூட்டம், வேறு இரண்டாம் எழுத்து, வேறு முடிவு. முதலில் கொண்டல் என்று ஒரு பெயர் தோன்றுகிறது. மழை மேகம், கருநீலம், பொருளும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு பத்தி எழுதிப் பார்த்தால் சிக்கல் தெரியும். நம் உரைநடையில் கொண்டான், கொண்டாள், கொண்டால் என்று வரிக்கு வரி வரும். 'கொண்டலை அழைத்துக்கொண்டு, ஏறிக்கொண்டால்' என்று போனால் கண் தடுமாறும். வினைச்சொல்லைப்போலத் தோன்றும் பெயரை விட்டுவிடுங்கள். குமுறி என்ற பெயரும் இதே காரணத்தால் போகிறது.

மூன்றாவதாக பாந்தள். பெரும்பாம்பைக் குறிக்கும் பழைய சொல். பா என்று வாயைத் திறந்து தொடங்குகிறது, ந் இரண்டாம் எழுத்து, ள் முடிவு. இரண்டே அசை, இரண்டும் நேர் அசை. பாந்தளை, பாந்தளுக்கு, பாந்தளின், பாந்தளே என்று எல்லா உருபையும் தடங்கலில்லாமல் ஏற்கிறது. காட்சியைத் திரும்ப எழுதுவோம்: 'நிலவன் பாந்தளின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். பாந்தள் தலையைத் திருப்பிப் பார்த்தான். நிலவன் சேணத்தை இறுக்கினான். மேகம் கலைந்து கப்பல்கள் தெரிந்ததும் பாந்தள் வெறிகொண்டு கத்தினான்.' கடைசி வாக்கியத்தில் பெயரை ஒரு முறை போட்டோம், அது போதுமானதாக இருக்கிறது. பழைய காட்சியில் 'நீலன்' என்று அங்கே போட்டிருந்தாலும், வேகமாகப் படிப்பவர் அதை நிலவன் என்றே தாண்டிப் போயிருப்பார். நீல நிறத்தைப் பெயரிலிருந்து எடுத்து வருணனைக்குக் கொடுத்துவிட்டோம். பெயர் மாறியதும் கதையின் மற்ற பெயர்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பாணன் என்று ஒரு பாட்டுக்காரன் இருந்தால், புதிய மோதல் அவனோடு தொடங்கும்.

தமிழ் எழுத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று கண்ணுக்கு. எழுதுகிறவர் மனதில் பாலன் என்பதன் முதல் ஒலி மெத்தென்றும், பாறு என்பதன் முதல் ஒலி வலிந்தும் கேட்கும். தாளில் இரண்டும் அதே 'பா'. நம் எழுத்தில் அந்த வேறுபாடு பதிவதே இல்லை, ஆகவே அதை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது. இன்னொன்று காதுக்கு. வளவன், வலவன் இரண்டும் தாளில் வேறு. மாறன், மாரன் தாளில் வேறு. வாசித்துக் காட்டும்போது பலர் வாயில் அவை ஒன்றாகிவிடும். ஒலிநூலாகக் கேட்பவருக்கு எந்த எழுத்து என்று பார்க்க வழியே இல்லை.

அப்படியென்றால் முதலெழுத்து ஒன்றாகவே இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கலாம், வேறு ஒன்று பலமாகப் பிரித்துக் காட்டினால். பாரசீகத்தின் ஷாநாமாவில் ருஸ்தமின் குதிரை ரக்ஷ். இரண்டும் ரகரம். ஆனால் ரக்ஷ் ஒரே அசையில் வெட்டினாற்போல முடிகிறது, நீளமே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. ருஸ்தம் தூங்கும்போது அந்தக் குதிரை தனியாகச் சிங்கத்தோடு சண்டையிட்டு அதைக் கொல்கிறது. தானே சண்டை போடுகிற விலங்குக்கு அவ்வளவு தெளிவான பெயர் தேவைதான். அந்த ஓர் எழுத்து ஒற்றுமையையும் நீளத்தால் ஈடுசெய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கதையில் இரண்டும் மூன்றெழுத்துப் பெயர்கள் என்றால் அந்த ஈடு கிடைக்காது.

அப்புறம், சோதனை செய்வது சுலபம். இருவரும் சேர்ந்து வருகிற பரபரப்பான ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை தெரியாத ஒருவருக்கு உங்கள் இயல்பான வேகத்தில் வாசித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்தி, 'கடைசியாகப் பேசியது யார்?' என்று கேளுங்கள். உடனே சொன்னால் பெயர்கள் பிரிந்து நிற்கின்றன. யோசித்துச் சொன்னால், முதலில் விலங்கின் பெயரை மாற்றிப் பாருங்கள். வீரன் பெயருக்கு அவன் குடும்பம், ஊர், குலம் என்று கதைக்குள் பல கட்டுகள் இருக்கும். டிராகனுக்கு அந்தக் கட்டுகள் இல்லை, அதனால் அதன் பெயரை மாற்றினால் திருத்த வேண்டிய இடங்கள் குறைவு.