பிங்க் பெட்டியைத் திறந்தப்புறம் ‘நோ’ சொல்ல முடியுமா?

[மேஜை மேல ஒரு பிங்க் பெட்டி]

இதுக்குள்ள ஒரு மெழுகுவத்தி, ஒரு நெயில் பாலிஷ், ஒரு கார்டு. கார்டுல “என் பிரைட்ஸ்மெய்டா வருவியா?”ன்னு இருக்கு. குடுத்தவ என் உயிர்த்தோழி. குடுத்த இடம், பதினஞ்சு பேர் கூடியிருந்த பிறந்தநாள் பார்ட்டி. எதிர்ல அவ தம்பி போன்ல வீடியோ எடுக்கிறான். நான் என்ன பண்ணுவேன்? கத்திக்கிட்டே போய்க் கட்டிப்பிடிச்சேன். அன்னிக்கு என் அக்கவுண்ட்ல இருந்தது நாலாயிரம் ரூபா.

வணக்கம் மக்களே! சர்ச் கல்யாணத்துல பொண்ணு பக்கத்துல தோழியா நிக்கிறவதான் பிரைட்ஸ்மெய்ட். அதுக்கு ஃப்ரெண்டை எப்படிக் கேக்கிறதுன்னு இன்னிக்குப் பேசலாம். முதல்ல சட்டத்தைச் சட்டுனு முடிச்சுடுவோம். 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, கல்யாணம் நடத்தி வைக்கிறவரைத் தவிர ரெண்டு சாட்சி வேணும். அவங்க தோழனா, தோழியாதான் இருக்கணும்னு இல்ல. அதனால உங்க ஃப்ரெண்டு பக்கத்துல நிக்கலைன்னாலும் உங்க கல்யாணம் நிக்காது.

இப்போ எனக்குப் பிடிச்ச விஷயம். அமெரிக்கால பிரைட்ஸ்மெய்ட் டிரஸ்ஸுக்குப் பொதுவா அவங்களேதான் காசு குடுக்கணும். இங்கிலாந்துல கல்யாணப் பொண்ணு தரப்புல வாங்கிக் குடுக்கிறது வழக்கம். நம்ம ஊர்ல? யாருமே வாயைத் திறக்கிறதில்லை! எனக்குப் புடவை மட்டும் வந்துச்சு. பிளவுஸ் தையக்கூலி, மேக்கப், செருப்பு, ரிகர்சலுக்குப் போட்ட லீவு எல்லாம் நம்ம தலையில. அவகிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பா. ஆனா வீடியோல அப்படிக் கத்திட்டு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கிறது?

அதனால என் கல்யாணத்துக்கு நான் பெட்டி வாங்கலை. இன்னொரு ஃப்ரெண்டுக்கு வாட்ஸப்ல எழுதினேன். போன் பண்ணா அந்த நிமிஷமே பதில் சொல்லணுமேன்னு தவிப்பா.

[திரையில் மெசேஜ்]

“டீ, மே ரெண்டாவது சனிக்கிழமை, காலைல பத்து மணிக்கு சர்ச். பக்கத்துல நீ நின்னா எனக்குத் தைரியமா இருக்கும். புடவை, தையல், மேக்கப் என் செலவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிகர்சல், ஒரு மணி நேரம். உனக்கு இப்போ தோதுப்படலைன்னா விருந்தாளியா வந்து பிரியாணி சாப்பிடு, அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா போதும்.”

பசங்களுக்கும் இதேதான். “மச்சான், நீதான்டா நிக்கிற”ன்னு முடிச்சுட்டா அது கேள்வியே இல்ல, உத்தரவு.

இன்னொண்ணு. சரின்னு சொல்லிட்டு பிளவுஸ் அளவு குடுக்க ரெண்டு வாரம் இழுக்கிறாங்களா? “என்னடீ ஆச்சு, கஷ்டமா இருந்தா விட்டுடு”ன்னு தனியா ஒரு தடவை கேளுங்க. குரூப்ல கேட்டுடாதீங்க, ப்ளீஸ். (குரூப்ல கேக்கிற ஆளா நீங்க? கமெண்ட்ல ஒத்துக்கோங்க.)

சரி, என் மெசேஜுக்கு என்ன பதில் வந்துச்சு? மூணு நாள் ரெண்டு நீல டிக் மட்டும்தான். நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருந்தேன், ஆனா நினைவுபடுத்தலை. நாலாவது நாள் வந்துச்சு: “பாப்பாவுக்கு ஏழு மாசம்டீ. பாதிப் பூசைல பாலுக்கு அழுவா, என்னால முன்னாடி நிக்க முடியாது. ஆனா அன்னிக்குக் காலைல உனக்குத் தலை பின்னி விடுறது நான்தான். வேற யாரையும் கூப்பிட்டே, கொன்னுடுவேன்.”