கொப்பிக்கு நிதி கேட்கும் பத்து வரிகள்

(திருகோணமலையில், பாடசாலை உபகரணங்கள் சேகரிக்க முன்வந்த சனசமூக நிலையத் தொண்டர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

முகநூலிலும் வாட்சப்பிலும் ஒரு படத்தின் கீழ் நாம் இடுகின்ற பத்து வரி வேண்டுகோளைப் பற்றி மட்டும் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் நானே எழுதிய ஒரு வேண்டுகோளில் இருந்து தொடங்குகிறேன். "வறிய மாணவர்களின் கல்விக்கு உங்களால் இயன்றதைத் தாருங்கள்" என்று எழுதி, வாடிய முகத்துடன் நிற்கும் ஒரு பிள்ளையின் படத்தையும் இட்டிருந்தேன். உதவி வராமல் இல்லை. ஆனால் வந்த பெட்டிகளைத் திறந்தபோது நிறப் பென்சிலும் சிறிய வகுப்புக்குரிய 40 பக்கக் கொப்பியும் குவிந்து கிடந்தன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட சி.ஆர். கொப்பி ஒன்றுகூட இருக்கவில்லை. கொடுத்தவர்களிடம் பிழை இல்லை. எது, எத்தனை, யாருக்கு என்று நான் சொல்லாததால், கடையில் கண்ணில் பட்டதை அவர்கள் வாங்கித் தந்தார்கள். அந்தப் பிள்ளையின் தாய் பின்னர் என்னிடம் வந்து, "படத்தை எடுத்துவிடுங்கோ ஐயா, பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுகிறார்கள்" என்றார். அன்று முதல் பிள்ளைகளின் முகத்தை நான் இடுவதில்லை. கட்டி அடுக்கிய கொப்பிகளின் படமே போதுமானது.

ஆகவே வேண்டுகோளை எழுதுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே பார்ப்போம். வெருகல் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை உதவி தேவைப்படுகின்ற 72 மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணிக்கையை அதிபரிடமும் வகுப்பாசிரியர்களிடமும் கேட்டுப் பெற வேண்டுமே தவிர, நாமாக ஊகிக்கக் கூடாது. எத்தனை ஒற்றைக்கோட்டுக் கொப்பி, எத்தனை சதுரக்கோட்டுக் கொப்பி, எத்தனை சி.ஆர். கொப்பி என்ற பட்டியலும் அவர்களிடம் இருந்தே வர வேண்டும். அந்தப் பட்டியலை மொத்த விற்பனைக் கடையில் கொடுத்து, எழுத்தில் விலை வாங்குங்கள். கொப்பிகள், கொம்பாசுப் பெட்டி, பேனை, பென்சில் எல்லாம் சேர்ந்து ஒரு மாணவருக்கு 3,450 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். 72 பேருக்கு 248,400 ரூபாய். ஏற்றி இறக்கும் செலவுக்கு 6,600 ரூபாயைச் சேர்த்தால் மொத்தம் 255,000 ரூபாய். வாகனச் செலவை மறைத்துவிட்டு இறுதிக் கணக்கில் காட்டினால் கொடுத்தவர் மனம் நோவார். முன்னரே சொல்லிவிட்டால் எவரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

இனி எழுதுவோம். முகநூலில் முதல் சில வரிகள் மட்டுமே திரையில் தெரியும், மற்றவை மடிந்துவிடும். "கல்வியே கண்" என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும். நான் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"வெருகல் பகுதியில் 72 மாணவருக்குப் புதிய ஆண்டுக்கான கொப்பிகள் வேண்டும். ஒரு மாணவருக்கு 3,450 ரூபாய்; இன்னும் 215,000 ரூபாய் தேவை. மொத்தத் தேவை 255,000 ரூபாய், அதில் 40,000 ரூபாய் கிடைத்துவிட்டது. பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. கொப்பியும் எழுதுகருவிகளும் பெற்றோரே வாங்க வேண்டியவை. 345 ரூபாய் தருகின்ற பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மாணவரின் பை நிறையும். டிசம்பர் 20ஆம் திகதியுடன் சேகரிப்பு முடிவடையும். மறுநாள் கடையில் பணம் கட்டுவோம். மிகுதி இருந்தால் அதே பாடசாலையின் 10ஆம் வகுப்புக்குக் கொப்பி வாங்குவோம். பொருளாகத் தராமல் பணமாகத் தாருங்கள்."

அரசு பற்றிய அந்த ஒரு வரியை ஏன் சேர்த்தேன் என்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைத்து வருகின்றன. இது எல்லோருக்கும் தெரிந்ததால், "எல்லாம் அரசாங்கம் கொடுக்கிறதுதானே, பிறகு ஏன் காசு?" என்ற கேள்வி, கேட்கப்படாமலே பலர் மனத்தில் நிற்கும். அந்தக் கேள்விக்கு மறுமொழி வேண்டுகோளுக்குள்ளேயே இருக்க வேண்டும். மறுமொழி கிடைக்காதவர் வாதாட வரமாட்டார், பேசாமல் கடந்து போய்விடுவார்.

அடுத்தது பணம் அனுப்பும் வழி. நல்ல வேண்டுகோள்கள் பல இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. கணக்கு இலக்கத்தை அழகான படத்துக்குள் மட்டும் எழுதிவிடுகிறோம். படத்தில் இருப்பதைத் தொட்டுப் பிரதி எடுப்பது பலருக்கு எளிதல்ல; பார்த்துப் பார்த்துத் தட்டும்போது ஓர் இலக்கம் மாறினால், பணம் திரும்பி வரும், அல்லது வேறொருவர் கணக்கில் விழும். ஆகையால் கணக்கின் பெயர், இலக்கம், வங்கி, கிளை ஆகிய நான்கையும் எழுத்தாக, தனித்தனி வரியில் இட வேண்டும். அந்தக் கணக்கு சனசமூக நிலையத்தின் பெயரில், இருவர் கையொப்பத்துடன் இயங்குவதாக இருக்க வேண்டும். ஒரு தனியாளின் கணக்கைக் கொடுத்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அறியாத ஊரில் இருப்பவர் தயங்குவார், அந்தத் தயக்கம் நியாயமானதே. எழுத்தாக இட்டதை எவரும் பிரதி எடுத்து இலக்கத்தை மாற்றிவிடவும் முடியும். அதற்காகவே, அழைத்து உறுதி செய்யக்கூடிய நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்க்கச் சொல்கிறேன்.

பணம் அனுப்புபவர் குறிப்புப் பெட்டியில் இட வேண்டிய ஒரு சொல்லையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். KOPPI என்ற சொல்லும் அனுப்புபவரின் பெயரும் போதும். வங்கிச் செயலிகள் பலவற்றில் தமிழ் எழுத்து ஏறாது என்பதால் ஆங்கில எழுத்தில் சொல்கிறேன். நான் இதைச் செய்யாத ஆண்டில், ஒரே நாளில் ஒரே தொகை மூன்று இடங்களில் இருந்து வந்திருந்தது. யாருக்கு நன்றி எழுதுவது, யாருக்குப் பற்றுச்சீட்டு கொடுப்பது என்று தெரியாமல் வங்கிப் பட்டியலை வைத்துக்கொண்டு இரவு முழுக்க இருந்தோம். அவர்களில் ஒருவர் பற்றுச்சீட்டு கிடைக்காமல் மறுபடி எங்களுக்கு உதவவேயில்லை. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் நம் உறவுகளுக்கு இன்னொரு வரி தேவை: சிறு தொகைகளைத் தனித்தனியே அனுப்பினால் வங்கிக் கட்டணம் பெரும்பங்கைத் தின்றுவிடும், அங்கே ஒருவரிடம் சேர்த்து, பெயர்ப் பட்டியலுடன் ஒரே தடவையில் அனுப்புங்கள் என்று கேளுங்கள்.

வேண்டுகோளை இட்ட பின்பு அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டாவது வரியில் இருக்கும் எஞ்சிய தொகையையும் அடுத்த வரியில் இருக்கும் கிடைத்த தொகையையும் திருத்துங்கள். முகநூலில் பகிரப்பட்டவை மூலப் பதிவையே காட்டுவதால், அங்கே திருத்தினால் எல்லோருக்கும் புதிய தொகை தெரியும். வாட்சப்பில் பிரதியாகப் போனது அப்படி மாறாது. இலக்கு நிறைந்து மாதங்கள் சென்ற பின்னும் அது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும், பணமும் வந்துகொண்டிருக்கும். மேலே நான் காட்டிய மாதிரியில் விடுபட்ட ஆண்டையும் சேர்த்து, முடிவுத் திகதியை வேண்டுகோளுக்கு உள்ளேயே எழுதும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான். திகதி கடந்த பின் வந்த பணத்தை, அனுப்பியவரை அழைத்துக் கேட்காமல் எந்தச் செலவுக்கும் எடுக்காதீர்கள்.

உங்களில் மூன்று நிலையத்தவர் விலைப்பட்டியலுடன் வந்திருப்பதாக அறிகிறேன். மேசைக்குக் கொண்டுவாருங்கள், முதலிரண்டு வரிகளை இப்போதே சேர்ந்து எழுதுவோம்.