ஜாமீனும் ரமழானும்: கோர்ட்டுத் தமிழுக்குள் வந்த அரபு, பாரசீகச் சொற்கள்

(வழக்கறிஞர்களும் தமிழாசிரியர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

வக்கீல்கள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்கிறார். பிரதிவாதி ஆஜராகவில்லை. வாய்தா மேல் வாய்தா போகிறது. கடைசியில் அமீனா ஜப்திக்கு வருகிறார், அதற்குப் பயந்து இரண்டு தரப்பும் ராஜியாகின்றன. இதில் வக்கீல், வக்காலத்து, தாக்கல், ஆஜர், வாய்தா, அமீனா, ஜப்தி, ராஜி எல்லாமே அரபியில் வேர் கொண்டவை. பிரதிவாதி மட்டும் வடமொழி.

அரபுச் சொல் என்றதும் நமக்குக் காயல்பட்டினமும் கீழக்கரையும் நினைவுக்கு வரும். அரபு வணிகர்கள் கப்பலில் வந்தார்கள், சொல்லும் கூடவே வந்திருக்கும் என்று நினைப்போம். கோர்ட்டுச் சொற்களைப் பொறுத்தவரை அது சரியில்லை. அவை தரை வழியாக, பாரசீக மொழியின் கைமாறி வந்தவை. இதை நிரூபிக்க ஒரே ஒரு எழுத்து போதும்.

அரபியில் ‘ளாத்’ என்று ஒரு எழுத்து உண்டு. நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பல்லோடு சேர்த்து ஒலிப்பது என்று பழைய அரபு இலக்கணக்காரர்கள் சொல்வார்கள். மற்ற மொழிக்காரர்களுக்கு அது எளிதில் வராது. பாரசீகர்கள் அதை இஸட் ஒலியாக மாற்றிக்கொண்டார்கள். அந்த இஸட்தான் தமிழுக்கு வரும்போது ‘ஜ’ ஆனது. ஆனால் அரபியை நேரடியாக ஓதக் கற்ற தமிழ் முஸ்லிம்கள் அதே எழுத்தை ழகரமாகவோ லகர, ளகரமாகவோ எழுதினார்கள். அதனால்தான் ஒரே மாதத்துக்கு நம்மிடம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ரம்ஜான் என்பது பாரசீகம், உருது வழியாக வந்தது. ரமழான், ரமலான் என்பது அரபியிலிருந்து நேராக வந்தது. காஜி, காழி என்று இரண்டு வடிவங்கள் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது கோர்ட்டுக்குத் திரும்புங்கள். ஜாமீன், ஜப்தி, ஆஜர், ராஜி, மகஜர், அர்ஜி, ஜில்லா, மாஜி. இத்தனையிலும் அரபு மூலத்தில் இருப்பது அந்த ‘ளாத்’ எழுத்துதான். அத்தனையிலும் நமக்குக் கிடைத்திருப்பது ‘ஜ’. ‘ழாமீன்’ என்றோ ‘ராழி’ என்றோ ஒரு இடத்திலும் இல்லை. கடற்கரையிலிருந்து வந்திருந்தால் ஒன்றிரண்டாவது அப்படி இருந்திருக்க வேண்டும்.

வரலாறும் இதோடு பொருந்துகிறது. 1676இல் தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சி வந்தது. அவர்களுடைய மராத்தி நிர்வாக மொழியில் பாரசீகம் ஏற்கெனவே ஊறியிருந்தது. 1692இல் ஔரங்கசீப் சுல்பிகர் கானைக் கர்நாடக நவாபாக நியமித்தார், 1698இல் செஞ்சிக் கோட்டை முகலாயர் வசமானது. அப்புறம் 1801இல் நவாபிடமிருந்து நாட்டை வாங்கிய கம்பெனி, கணக்கு வழக்கின் சொற்களையும் அப்படியே எடுத்துக்கொண்டது. நீதிமன்றங்களில் பாரசீகத்தைக் கைவிடலாம் என்று 1837இல் சட்டம் வந்தபோது மொழிதான் போனது. தாசில்தார் போகவில்லை, ஜமாபந்தி போகவில்லை, பசலி ஆண்டும் போகவில்லை.

சரி, ஒரு சொல்லைப் பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ஜ’ இருந்தால் போதுமா? போதாது. ஜாதியும் ஜெயமும் வடமொழி, ஜன்னல் போர்த்துகீசியம். அதனால் அரபுச் சொற்களுக்கே உரிய ஒரு குணத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள். உயிர்களை மாற்றியும், முன்னே ‘ம’ அல்லது ‘த’ சேர்த்தும் வேறு வேறு சொற்களைக் கட்டுவார்கள். ஆகவே சந்தேகப்படும் சொல்லின் மெய்களை உருவி, அதே மெய்களோடு வேறு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். தாசில், மகசூல் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று வரி தண்டுவது, இன்னொன்று விளைச்சல். தமிழில் இவற்றுக்கு ஒட்டுறவே தெரியாது. அரபியில் தஹ்ஸீல், மஹ்ஸூல். ஹ, ஸ, ல என்ற மெய்கள் இரண்டிலும் அப்படியே நிற்கின்றன, ‘கிடைப்பது’ என்பது வேரின் பொருள். ‘தாசில்’ என்று நாம் சொல்லும்போது ஹகரம் கரைந்து முன்னிருந்த உயிர் நீண்டுவிட்டது, அதனால்தான் உறவு மறைந்துபோனது. இன்னொரு சோடி, அமலும் மாமூலும். ஒரு சட்டத்தை அமல்படுத்துவதும் அதை மீறியவரிடம் மாமூல் வாங்குவதும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதைக் காவல்துறை நண்பர்கள் யாராவது இருந்தால் மன்னிக்க வேண்டும்! மாமூல் என்றால் முதலில் ‘வழக்கமாக நடப்பது’ என்றுதான் பொருள்.

வணிகச் சொற்களில் இன்னொரு அடையாளம் கிடைக்கும். மூலத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நின்றால் நடுவில் ஒரு உயிர் நுழையும்: அஸ்ல் அசல் ஆனது, நக்ல் நகல் ஆனது. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் அரபுக் ககரம் பல சொற்களில் நம்மிடம் இரட்டித்து வந்தது: பாக்கி, லாயக்கு. கடைக்காரர் ‘அசல் அப்படியே நிக்குது, வட்டி பாக்கிகூட வசூலாகலை’ என்றால் அசல், பாக்கி, வசூல் மூன்றும் அரபு. அவர் கொடுக்கும் ரசீதும் நிறுக்கும் தராசும் பாரசீகம். ஆனால் பாக்கியைப் பார்த்துக் கிராக்கியையும் அந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். அது வடமொழி ‘கிராகக’ என்பது வடக்கே உருமாறி வந்தது. ஏலமும் அப்படித்தான், அதைத் தந்தவர்கள் போர்த்துகீசியர்கள்.

அதிகம் ஏமாற்றுவது ‘தார்’ என்ற விகுதி. பாரசீகத்தில் அதற்கு ‘வைத்திருப்பவர்’ என்று பொருள். மிராசுதார், இனாம்தார், ஜமீன்தார் என்றால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அதற்குமேல் நாம் மரியாதைக்கு ஒரு ‘அர்’ போட்டுக்கொண்டோம், அது தமிழ் வேட்டி கட்டிக்கொண்டு பங்குதாரர், குத்தகைதாரர், மனுதாரர், ஒப்பந்ததாரர் என்று நடமாடுகிறது. இதற்கும் விலக்கு உண்டு. சூத்திரதாரியில் வரும் ‘தாரி’ வடமொழி. பாரசீகமும் வடமொழியும் உறவு மொழிகள், இந்த இரண்டும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை. அதனால் ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல் எந்தத் துறையில் முதலில் புழங்கியது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தரை வழி என்று நான் சொன்னதற்கு எதிர்ப்பக்கச் சான்று ஒன்று. இலங்கையில் முகலாயரும் நவாபும் ஆளவில்லை. அங்கே வக்கீலைச் சட்டத்தரணி என்கிறார்கள், ஜாமீனைப் பிணை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆபீஸுக்குக் கந்தோர் என்ற டச்சுச் சொல் இருந்தது. ஆனாலும் இந்த நிர்வாகச் சொற்கள் ஒருமுறை கடலைத் தாண்டின. 1796இல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைப் பிடித்த கம்பெனி, அதைச் சென்னையிலிருந்தே நிர்வகிக்கப் பார்த்தது. அங்கே முதலியார் என்ற பதவியில் இருந்த உள்ளூர் அதிகாரிகளை ஒதுக்கிவிட்டு, வரி தண்ட இங்கிருந்து ‘அமில்தார்’களை அனுப்பியது. அமல் என்ற அரபு வேரோடு பாரசீக ‘தார்’ சேர்ந்த பதவி. 1797இல் அங்கே கலகம் வெடித்தது. அமில்தார்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அந்தச் சொல்லும் அங்கே தங்கவில்லை.