ஆடித் திருவிழாவுக்கு 400 டம்ளர்

(ஆடித் திருவிழா ஏற்பாடுகளுக்காகக் கோயில் மண்டபத்தில் கூடிய ஊர்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களே, செயல் அலுவலர் அவர்களே, இன்று இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கல்யாண மண்டபத்து ஐயா அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, வணக்கம். பின்வரிசையில் சமையல் மாஸ்டர்கள் நிற்கிறார்கள். உட்காருங்கள் அண்ணா, இன்றைக்குப் பேச்சே உங்களைப் பற்றித்தான். பூக்கடைக்காரர்களும் பந்தல்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்கள். போன வருடம் இதே மண்டபத்தில் என்னைப் பேச அழைத்த தலைவர் ஐயா, இந்த வருடம் "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று சொல்லித்தான் அழைத்தார். முயற்சி செய்கிறேன்.

நான் 27 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி. அன்றைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பு வகுப்பாக எண்ணி எழுதி வாங்கிய பிறகுதான் அரிசியை அளப்போம். அதனால் எனக்கு ஒரு பழமொழி நெஞ்சில் ஊறிப்போய்விட்டது: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இன்று நான்கு விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். பாத்திரம், மிச்சச் சோறு, பூ, பந்தல் அலங்காரம். நான்குக்கும் அடியில் இருப்பது இந்தப் பழமொழிதான்.

மிச்சச் சோற்றை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டில் நடந்தது. என் அண்ணன் மகள் கல்யாணம். பத்திரிகை நிறையக் கொடுத்திருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு மாஸ்டர் வந்து, "ஐயா, எத்தனை இலை?" என்று கேட்டார். அண்ணன் யோசிக்கவே இல்லை, "800" என்றார். பெண் வீடு, சோறு பத்தவில்லை என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம். வடை பாயசத்தோடு சாப்பாடு என்றால் நூறு பேருக்கு 8 கிலோ அரிசி என்பது அந்த மாஸ்டர் கணக்கு. 64 கிலோவையும் காலையிலேயே உலையில் போட்டுவிட்டார்கள். அன்று பெரிய முகூர்த்த நாள், ஊரில் இன்னும் மூன்று கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்புக்கே பாதிப் பேர் வந்து மொய் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மதியம் விழுந்த இலை 430.

இரண்டரை மணிக்கு நான் சமையற்கட்டுக்குப் போனேன். ஏறக்குறைய 30 கிலோ அரிசிச் சோறு அண்டாவில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இடுப்பளவு தவலையில் சாம்பார். "அண்ணா, முதியோர் இல்லத்துக்குச் சொல்லிவிடலாமா?" என்று கேட்டேன். "இரும்மா, இன்னும் ஆள் வருவார்கள்" என்றார். அப்புறம் பெண்ணை அனுப்பும் நேரம். அழுகை, ஆரத்தி, சீர்ப் பாத்திரம் ஏற்றுவது என்று யாருக்கும் சோற்று ஞாபகமே இல்லை. நாலரை மணிக்குத்தான் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தோம். இல்லத்து அம்மா ஆட்டோவில் வந்து இறங்கும்போது மணி ஐந்தரை.

அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியைத் திறந்தார். மேலே இருந்த சோற்றைப் பார்க்கவில்லை. நீளக் கரண்டியை அண்டாவின் நடுவரைக்கும் விட்டு, அங்கிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு. விரலால் நசுக்கினார். லேசாக நூல் விட்டது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு இதை இப்போது போடுவீர்களா?" மண்டபமே அமைதியாகிவிட்டது. என் அண்ணன் தலை குனிந்து நின்றார். "மனசு நல்ல மனசுதான் ஐயா, ஆனால் மூன்று மணி நேரம் தப்பிப்போய்விட்டது. என்னிடம் இருப்பவர்கள் 45 பேர், பாதிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். எனக்கு வேண்டாம்" என்றார். அன்று இரவு மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டி 30 கிலோ அரிசிச் சோற்றைப் புதைத்தோம். அதைத் தள்ளிவிட்டது என் கைதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கை.

அந்த அம்மாவிடம் பிறகு போய் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியில் சாகாது. சோறு சூடாக, 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அது வளராது. வெதுவெதுப்பாக நின்றால் பெருகும், நஞ்சையும் விடும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. அதனால் "கொதிக்க வைத்துக் கொடுத்துவிடலாம்" என்ற பேச்சே கிடையாது. ஆழமான அண்டாவில் வெளிப்பக்கம் ஆறிவிடும், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே நிற்கும். கொடுப்பதென்றால் பரிமாறாத சோறு, கை படாத கரண்டி, மூடிய பாத்திரம், இறக்கிய நேரத்தைச் சாக்பீஸால் மூடியில் எழுதியிருக்க வேண்டும். சூடு விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர் இலைக்குப் போய்விட வேண்டும். தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் முதலில் கெடும், அவற்றை அனுப்பவே வேண்டாம்.

முதல் நாளே இல்லத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் தங்கள் சமையலை முடித்திருப்பார்கள். கடைசிப் பந்திக்கு முந்தின பந்தி எழுந்ததும் போன் போக வேண்டும். அந்தப் போனைச் செய்வதற்கென்று ஒரு ஆள், கல்யாண வீட்டுக்காரர் அல்லாத ஒரு ஆள், பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். எங்களிடம் மிஞ்சியது 370 பேர் சாப்பாடு. இல்லத்தில் இருப்பது 45 பேர். நேரத்துக்குச் சொல்லியிருந்தாலும் பெரும்பங்கு மிஞ்சித்தான் போயிருக்கும். தானம் கொடுப்பது கடைசி வழி. முதல் வழி உலையில் இருக்கிறது. மாஸ்டர் அண்ணா, 800 என்று சொன்னால் 480 இலைக்கு மட்டும் முதல் ஈடு போடுங்கள். மீதி அரிசி மூட்டையிலேயே இருக்கட்டும். பருப்பும் காயும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், பக்கத்து அடுப்பில் உலைநீர் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். இரண்டாம் பந்தி உட்காரும்போது ஒருவர் வெளியே போய், உட்கார இடமில்லாமல் நிற்பவர்களை எண்ணிவிட்டு வந்து சொல்லட்டும். அதைக் கேட்டு அரிசியைப் போட்டால் அடுத்த பந்திக்குச் சோறு வடிந்துவிடும். வேகாத அரிசியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார், வெந்த சோற்றை யார் எடுப்பார்?

சரி, பாத்திரத்துக்கு வருகிறேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆனால் நான் வந்ததே இதற்காகத்தான்.

வாழையிலைக்கு மாற்று வேண்டாம், அது நம்மிடம் இருக்கிறது. இலை மாதிரியே பச்சையாக அச்சடித்து வருகிறதே, அது வேண்டாம். அதைக் கிழித்து வெந்நீரில் ஊறப்போட்டுப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் ஏடு தனியாக உரிந்து வரும். காகித டம்ளரிலும் உள்பக்கம் அதே ஏடுதான். 2019 ஜனவரியில் நம் மாநிலத்தில் தடை வந்தபோது பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டம்ளரும் அந்தப் பட்டியலில் இருந்தன. அப்புறமும் நம் அன்னதானக் கூடத்தில் குவிகின்றன. ஏன்? கழுவிய டம்ளர் அந்த நேரத்துக்குக் கிடைப்பதில்லை. அவ்வளவுதான் காரணம்.

எத்தனை டம்ளர் வேண்டும்? ஊரே திரண்டு வருகிறதே, ஆயிரக்கணக்கில் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நம் கூடத்தில் ஒரு பந்திக்கு 120 பேர். 120 டம்ளர் இலைக்கு முன்னால் இருக்கும், 120 கழுவும் இடத்தில் இருக்கும், 120 கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருக்கும். மொத்தம் 360, நசுங்கியதற்கும் காணாமல் போனதற்கும் 40 சேர்த்தால் 400. ஐந்து பந்தி ஓடினாலும் 400தான், ஐம்பது பந்தி ஓடினாலும் 400தான்.

கழுவ நான்கு பேர், மூன்று தொட்டி. முதல் தொட்டியில் எச்சில் போக அலசல், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் நல்ல தண்ணீர். அதன்பின் கம்பிக்கூடையோடு கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்துக் கவிழ்க்க வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, ஒரே துணி எல்லா டம்ளரிலும் அழுக்கை ஏற்றிவிடும். கொதிநீரிலிருந்து வந்த டம்ளர் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். கூடைக்கு 40 என்று அடுக்கினால் எண்ணுவது சுலபம். தவறுவது எங்கே தெரியுமா? மூன்றாம் தொட்டித் தண்ணீரை யாரும் மாற்ற மாட்டார்கள். கையில் எடுத்தால் வழுவழுக்கிறது என்றால் தண்ணீர் மாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பந்திக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கூழ் வார்ப்பதற்கு இந்த 400-கூட வேண்டாம். என் அம்மா காலத்தில் அவரவர் வீட்டிலிருந்து தூக்குவாளியும் சொம்பும் கொண்டுபோய்த்தான் வாங்குவோம். இப்போது கொதிக்கக் கொதிக்கக் கூழைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறோம். அம்மன் கூழை அப்படியா வாங்குவது? நோட்டீஸில் "பாத்திரம் கொண்டு வரவும்" என்று ஒரு வரி போடுங்கள் ஐயா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால் ஊற்றுகிற பாத்திரமும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பூவைச் சொல்லாமல் போனால் பூக்கடைத் தம்பிகள் கோபித்துக்கொள்வார்கள். நாரில் கட்டிய மாலை மட்கும், நைலான் நூலில் கட்டியது மட்காது. அதனால் திருவிழா மாதம் முழுவதும் வாழைநாரில் மட்டும் கட்டுங்கள், ஜிகினாவும் தெர்மகோல் மணியும் வேண்டாம். நந்தவனத்து மூலையில் சிமெண்ட் உறை இறக்கி, ஒரு கூடை பூவுக்கு ஒரு கூடை காய்ந்த சருகு, மேலே சாணிக் கரைசல் தெளிப்பு. வாரம் ஒருமுறை கிளற வேண்டும். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். கிளறும்போது சூடே இல்லாமல் வெளிறிக் கிடந்தால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனை வந்துவிடும். நம் கோயிலுக்கென்று இரண்டு எச்சரிக்கை. பலிபீடத்தில் பக்தர்கள் கொட்டும் உப்பும் மிளகும் பூவோடு சேர்த்து அள்ளப்படுகிறது. உப்பு கலந்த உரம் செடியைக் கருக்கும், அதைத் தனியாக அள்ள வேண்டும். இன்னொன்று, அம்மனுக்கு வருவது பாதி அரளி. அரளி மாட்டுக்கு விஷம். உறைக்கு மூடி கட்டாயம் வேண்டும், குப்பை மேட்டில் மாடு மேயும் இடத்தில் கொட்டவே கூடாது.

பந்தல் அலங்காரத்தை இன்னொரு நாள் பேசலாம். இப்போது என் கோரிக்கை. மடைப்பள்ளிக்குப் பக்கத்தில் பழைய சாமான் அறை பூட்டியே கிடக்கிறது. அதை ஊர்ப் பாத்திர அறையாகத் தர வேண்டும் என்று தலைவர் ஐயாவையும் செயல் அலுவலர் அவர்களையும் கைகூப்பிக் கேட்கிறேன். சாவி மகளிர் குழுவிடம் இருக்கட்டும். கல்யாண வீட்டார் முன்பணம் கட்டி எடுத்துப் போகட்டும். திரும்பும்போது எண்ணி வாங்கிக்கொள்கிறோம். கழுவும் கூலி குழுவுக்கு.

400 டம்ளரில் இதுவரை 260 சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சீர்வரிசையில் வந்து பரணில் கிடந்தவை. இன்னும் 140 வேண்டும். அம்மா அப்பா நினைவாகத் தருகிறவர்கள் பெயரை டம்ளரில் வெட்டித் தருகிறோம். பெயர் வெட்டுகிறவர் ஞாயிறு காலை கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார். டம்ளரோடு பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள், எழுத்து தப்பாகிவிடக் கூடாது.