கல்யாணத்துக்குப் போகலாமா? 58 சொன்ன பதில்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் நான் பிரசன்னம் பார்க்கிறேன், அதாவது ஒருவர் கேள்வி கேட்கும் நேரத்துக்குக் கட்டம் போட்டுப் பதில் சொல்கிறேன். ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது ஒரே மாதிரி கேள்வி அடிக்கடி வரும்: "ஐயா, எனக்குப் பேச்சு இல்லாத சொந்தக்காரரும் கல்யாணத்துக்கு வருவாராம். நான் போகலாமா?" அப்படி வந்த ஒரு கேள்வியை எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

2016 மே மாதக் கடைசியில் தோட்டத்து அம்மா ஒருவர் வந்தார். அக்கா மகளுக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, இரவு டேவானில் விருந்து. அப்பா இறந்த பிறகு தாமான் வீட்டின் கிராண்ட் அண்ணன் பெயருக்கு மட்டும் மாறிவிட்டதாம். அதிலிருந்து அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை.

முதலில் கேள்வியை ஒன்றாக்க வேண்டும். அவர் போகலாமா என்றும் கேட்டார், அண்ணன் பேசுவாரா என்றும் கேட்டார், வீட்டில் பங்கு வருமா என்றும் கேட்டார். மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டால் எதற்கும் பதில் வராது. "போகலாமா என்பதை மட்டும் மனசில் வைத்து, 1 முதல் 108-க்குள் ஓர் எண் சொல்லுங்கள் அம்மா" என்றேன். 58 என்றார்.

ஒரு ராசியை ஒன்பது பங்காக்கினால் ஒவ்வொரு பங்கும் ஒரு நவாம்சம். பன்னிரண்டு ராசிக்கு மொத்தம் 108. 58-ஐ ஒன்பதால் வகுத்தால் ஆறு ராசி கழிந்து நான்கு மிச்சம். மேஷத்திலிருந்து எண்ணினால் ஏழாவது ராசி துலாம், அதுவே லக்னம், கட்டத்தின் முதல் இடம். துலாம் சர ராசி, அதாவது நகரும் ராசி. பயணக் கேள்விக்குச் சர லக்னம் வந்தால் கால் கிளம்பிவிட்டது என்று பொருள். நகராத ஸ்திர ராசி வந்திருந்தால் நானே யோசித்திருப்பேன்.

அடுத்து, கேட்ட விஷயம் கட்டத்தில் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். தெரியாவிட்டால் கட்டத்தை மூடிவிடுவதே நல்லது. இங்கே நன்றாகவே தெரிந்தது. மூத்த சகோதரனுக்குப் பதினொன்றாம் இடம், அது சிம்மம். பகைக்கு ஆறாம் இடம் மீனம், அதன் அதிபதி குரு. அப்போது குரு சிம்மத்திலேயே இருந்தார். பகை அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதே குருவின் ஒன்பதாம் பார்வை கல்யாண வீடான ஏழாம் இடம் மேஷத்தில் விழுகிறது. ஆகவே பகை வேறு, கல்யாணம் வேறு. கல்யாணத்துக்குக் குறை இல்லை.

அந்த அம்மாவைக் காட்டுவது லக்னாதிபதி, அதாவது துலாமின் அதிபதி சுக்கிரன். ரிஷபத்தில், சொந்த வீட்டில்தான் இருந்தார், ஆனால் அது எட்டாம் இடம். அவமானமும் வாரிசுச் சொத்தும் பேசும் இடம் அது. பக்கத்திலேயே சிம்மத்தின் அதிபதியாக அண்ணனைக் காட்டும் சூரியன். சுக்கிரன் ஒன்பது பாகை, சூரியன் பன்னிரண்டு. சூரியனுக்குப் பத்துப் பாகைக்குள் வந்தால் சுக்கிரன் அஸ்தங்கம், ஒளி மங்கிவிடும். வேகமான சுக்கிரன் சூரியனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அதாவது போவது இவர்தான், ஆனால் அண்ணன் அருகில் நின்றால் வாய் அடைத்துப்போகும்.

என்னை நிறுத்தியது செவ்வாய். இரண்டாம் இடம் குடும்பத்துக்கும் வாக்குக்கும் உரியது. அங்கே, விருச்சிகத்தில், செவ்வாய் பின்னோக்கி நகரும் வக்கிர கதியில் நின்று எதிரே உள்ள சுக்கிரனையும் சூரியனையும் பார்க்கிறார். வக்கிரம் என்றால் பழையது திரும்பி வரும். யாராவது கிராண்ட் பேச்சை எடுத்தால் போதும், பத்திக்கொள்ளும். நம் கல்யாணங்களில் அப்படி எடுக்கும் சித்தப்பா ஒருவர் இல்லாமலா போவார்?

சந்திரன் மகரத்தில், நான்காம் இடத்தில் இருந்தார். மனசு தாய்வீட்டில் கிடக்கிறது. போகாமல் இருந்தால் அந்த மனசு ஆறாது.

எனவே நான் சொன்ன பதில்: போங்கள். காலையில் கோயிலுக்குப் போய் அட்சதை போட்டு, மொய்யை அக்கா கையில் கொடுங்கள். விருந்துக்கு வேண்டாம். டேவானில் ஒரே மேசையில் மணிக்கணக்காக உட்கார வேண்டியிருக்கும், அது சுக்கிரனுக்கு ஆகாது. வீட்டுப் பேச்சு வந்தால் "பெறகு பாப்போம்" என்று எழுந்துவிடுங்கள்.

ஒரு வாரத்தில் மறுபடி போன் செய்தார். "ஐயா, இன்னொரு நம்பர் சொல்லட்டுமா?" வேண்டாம் என்றேன். அதே கேள்விக்கு இரண்டாம் கட்டம் போடுவதில்லை. தேதி தள்ளிப்போனாலோ, அண்ணனே ஆள் அனுப்பினாலோ அது புதுக் கேள்வி, அப்போது போடலாம். பயத்தில் திரும்பத் திரும்பக் கேட்டால், பிடித்த பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

கோயிலுக்குப் போய் வந்தார். அண்ணன் பேசவில்லையாம். "உங்க கட்டம் பலிக்கலையே" என்றார் கூட வந்த மகன். அண்ணன் பேசுவாரா என்று நான் கட்டமே போடவில்லையே தம்பி, என்றேன்.

வணக்கம்.